ஒரு ஸ்லைடு, நான்கு எழுத்துமுறை: கல்லூரி அரங்கில் பேச்சுத்தமிழும் ஆங்கிலத் தொழில்நுட்பச் சொற்களும்

சென்னையின் பொறியியல் கல்லூரி ஒன்றில், இரண்டாம் ஆண்டுக் கணினி மாணவர்களுக்குத் தமிழில் பாடம் சொல்லப் போகிறவருக்குப் பேசும் மொழி குறித்துப் பெரிய குழப்பம் எதுவும் இருப்பதில்லை. "கமிட் பண்ணிட்டு புஷ் பண்ணுங்க" என்றுதான் அவர் பேசுவார், அவர்களும் அப்படித்தான் கேள்வி கேட்பார்கள். பேசும்போது சிக்கலின்றி ஓடுகிற அதே வாக்கியத்தைத் திரையில் எழுத வேண்டி வரும்போதுதான் குழப்பம் தொடங்குகிறது. பேச்சில் எழுத்து இல்லை. ஸ்லைடில் எந்தச் சொல்லை எந்த எழுத்தில், எந்த விகுதியோடு வைப்பது என்பதை ஒவ்வொரு வரியிலும் தீர்மானித்தாக வேண்டும்.

பொதுவாகப் பேசினால் இது தீராத வாதமாகிவிடும் என்பதால், ஒரே ஒரு ஸ்லைடை எடுத்துக்கொண்டு, அதை நான்கு வழிகளில் எழுதிப் பார்க்கிறேன். ஃபைல்களில் செய்யும் மாற்றங்களைப் பதிவுசெய்து வைக்கும் `git` மென்பொருளைக் கற்பிக்கும் எவரும் தாண்டிச் செல்ல முடியாத இடம் ஒன்று உண்டு: ஃபைலைத் திருத்தி, `git add` கொடுத்து, மறுபடியும் திருத்திவிட்டு `git commit` கொடுத்தால், இரண்டாவது திருத்தம் அந்தப் பதிவில் சேராது. `marks.py` என்ற ஃபைலில் தேர்ச்சி மதிப்பெண் 40 என்று ஏற்கெனவே பதிவாகியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதை 45 ஆக்கி `git add` கொடுக்கிறோம். பிறகு மனம் மாறி 50 ஆக்குகிறோம். இந்த நிலையில் `git status` கொடுத்தால், குறிப்பு வரிகளை விட்டுவிட்டுப் பார்க்கும்போது, திரையில் வருவது இது:

```
On branch main
Changes to be committed:
	modified:   marks.py

Changes not staged for commit:
	modified:   marks.py
```

ஒரே ஃபைல் இரண்டு தலைப்புகளின் கீழும் நிற்கிறது. இப்போது `git commit` கொடுத்தால் பதிவாவது 45; ஃபைலைத் திறந்தால் தெரிவது 50. `HEAD` என்பது கடைசிப் பதிவு; `git show HEAD:marks.py` என்று கேட்டால் 45 என்றே பதில் வரும். `git add` என்பது ஃபைலின் பெயரைக் குறித்துவைக்கும் வேலை என்று மாணவர் நினைத்துக்கொண்டிருக்கிறார். உண்மையில் அது அந்த நேரத்து உள்ளடக்கத்தையே எடுத்து வைத்துக்கொள்கிறது. ஸ்லைடு சொல்ல வேண்டியது இந்த ஒரு செய்தியைத்தான்.

அரங்கில் உட்கார்ந்திருப்பவர்கள் யார் என்பதையும் பார்க்க வேண்டும். நகரத்துப் பள்ளிகளில் ஆங்கில வழியில் படித்து, தமிழைச் சரளமாகப் பேசினாலும் எழுத்துக் கூட்டி மெதுவாக வாசிப்பவர்கள் ஒரு பக்கம் இருப்பார்கள். தமிழ் வழியில் படித்து, தமிழை ஒரே பார்வையில் வாசித்துவிட்டு ஆங்கில வாக்கியத்தில் தயங்குபவர்கள் இன்னொரு பக்கம் இருப்பார்கள். 2021-இல் அரசுப் பள்ளி மாணவர்களுக்குப் பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளில் 7.5 விழுக்காடு இட ஒதுக்கீடு வந்த பிறகு, இவர்களை மறந்துவிட்டு ஸ்லைடு தயாரிப்பது எளிதில் நியாயப்படுத்தக்கூடியதல்ல. இந்த இரு சாராருக்கும் பொதுவாக இருப்பவை இரண்டு: காதில் கேட்கும் பேச்சுத்தமிழ், டெர்மினலில் தெரியும் ஆங்கில எழுத்து.

முதல் வழி, ஸ்லைடு முழுவதையும் ஆங்கிலத்தில் வைத்துக்கொண்டு வாயால் தமிழில் விளக்குவது. சென்னைக் கல்லூரிகளில் பெரும்பாலும் நடப்பது இதுதான். தேர்வு ஆங்கிலத்தில் எழுதப்படுகிறது, பாடநூல் ஆங்கிலத்தில் இருக்கிறது, ஆகவே ஸ்லைடும் அப்படியே இருக்கட்டும் என்ற வாதத்தில் வலு இல்லாமல் இல்லை. குறை எங்கே தெரிகிறதென்றால், திரையில் நான்கு வரி ஆங்கிலமும் காதில் அதன் தமிழ் விளக்கமும் ஒரே நேரத்தில் வரும்போது, ஆங்கிலம் தயங்கி வாசிப்பவர் இரண்டில் ஒன்றைக் கைவிட்டாக வேண்டியிருக்கிறது. அவர் வாசித்து முடிப்பதற்குள் பேச்சு அடுத்த இடத்துக்குப் போய்விடுகிறது. பேச்சைப் பின்தொடர்ந்தால் திரை வெறும் அலங்காரமாகிறது. இதைக் கண்டுபிடிப்பது கடினமில்லை. "இப்ப பதிவானது 45ஆ, 50ஆ?" என்று கேட்டுவிட்டு முகங்களைப் பார்த்தால், சிலர் திரையில் விடை தேடுவார்கள், சிலர் பக்கத்தில் இருப்பவரின் நோட்டில் தேடுவார்கள். நோட்டில் தேடுபவர்கள் ஸ்லைடை எப்போதோ விட்டுவிட்டவர்கள்.

இரண்டாவது வழி, கலைச்சொற்களோடு கூடிய முழு எழுத்துத்தமிழ். அதே செய்தியை இப்படி எழுதலாம்:

> ஆயத்தப் பகுதியில் சேர்க்கப்பட்ட பின் கோப்பில் செய்யப்படும் மாற்றங்கள் அடுத்த உறுதிப்பதிவில் இடம்பெறா.

வாக்கியத்தில் பிழை இல்லை, பொருளும் துல்லியமாக இருக்கிறது, ஒரு நூலில் இதைப் பார்த்தால் எவருக்கும் உறுத்தாது. அண்ணா பல்கலைக்கழகம் 2010-இல் சிவில், மெக்கானிக்கல் ஆகிய இரு பிரிவுகளில் தமிழ்வழி வகுப்புகளைத் தொடங்கியபோது இத்தகைய தமிழுக்கு ஒரு முழுச் சூழல் உருவாக வழி பிறந்தது: வகுப்பும் பாடநூலும் விடைத்தாளும் ஒரே மொழியில் இருந்தால், கலைச்சொல் தன் வேலையைச் செய்யும். ஒருமணி நேர `git` பயிலரங்குக்கு அந்தச் சூழல் கிடையாது. மாணவர் அறைக்குத் திரும்பி டெர்மினலைத் திறந்தால் "ஆயத்தப் பகுதி" எங்கும் இருக்காது. `Changes not staged for commit` என்ற வரிதான் இருக்கும். இரண்டுக்கும் இடையிலான பாலத்தை அவரே கட்டிக்கொள்ள வேண்டும். பேசுகிறவரும் ஸ்லைடைப் படிக்காமல் "ஸ்டேஜ் பண்ணது" என்றுதான் சொல்வார் என்பதால், ஒரே பொருளுக்குக் காதில் ஒரு சொல், கண்ணில் ஒரு சொல், வீட்டுத் திரையில் மூன்றாவது ஒன்று என்றாகிவிடுகிறது.

ஆயினும் இந்த வழியை முற்றிலும் ஒதுக்க நான் தயாரில்லை. யாரும் தட்டச்சு செய்யாத, எந்தப் பிழைச்செய்தியிலும் வராத கருத்தை விளக்கும்போது நல்ல தமிழ்ச்சொல்லுக்கு ஈடில்லை. உள்ளடக்கம், பதிவு, வரலாறு, முந்தைய நிலை ஆகிய சொற்களுக்குப் பதில் ஆங்கிலத்தைத் திணிப்பவர் தன் வேலையைத்தான் கடினமாக்கிக்கொள்கிறார்.

மூன்றாவது வழி, பேசுவதை அப்படியே, ஆங்கிலச் சொற்களையும் சேர்த்துத் தமிழ் எழுத்திலேயே எழுதுவது:

> ஃபைல ஆட் பண்ணிட்டு மறுபடி எடிட் பண்ணா, கமிட்ல பழசுதான் போகும்.

வாசித்தவுடன் பேச்சாகவே ஒலிக்கிறது என்பதால் அரங்கில் ஒரு சிரிப்பும் நெருக்கமும் கிடைக்கும். மொழிக்கலப்பு வேண்டும், எழுத்துக்கலப்பு வேண்டாம் என்று நினைப்பவர்களுக்கும் இது பிடிக்கும். கதையிலும் விளம்பரத்திலும் இந்த எழுத்துமுறை நன்றாக நடக்கிறது. தொழில்நுட்ப ஸ்லைடில் இரண்டு இடங்களில் இடறுகிறது.

முதலாவது, சொல்லை அடையாளம் காண்பது. தமிழ் எழுத்தில் வல்லின ஒலிகளின் வேறுபாடு எழுத்தால் காட்டப்படுவதில்லை. சொந்தச் சொற்களில் இடத்தைப் பார்த்து நாம் ஒலியை அறிந்துகொள்கிறோம், கடன்சொல்லில் அந்த உதவி கிடைப்பதில்லை. "பேட்ச்" என்று எழுதினால், `git add --patch` என்பதில் வருகிற சொல்லா, தரவுகளைத் தொகுதி தொகுதியாக அனுப்புவதைக் குறிக்கும் `batch` என்ற சொல்லா என்பது தெரியாது. "போர்ட்" என்றால் `port`-உம் ஆகலாம், சுற்றுப்பலகையும் ஆகலாம். `git pull` என்பதைப் "புல்" என்று எழுதிவிட்டு, முதல் வரிசையில் இருப்பவர் அதைப் புல்வெளியாக வாசித்தால் அவரைக் குறைசொல்ல முடியாது. ஏற்கெனவே சொல்லை அறிந்தவருக்கு இதெல்லாம் பொருட்டில்லை. ஆனால் கற்க வந்தவர் அந்தச் சொல்லை அன்றுதான் முதன்முதலாகச் சந்திக்கிறார், அதன் உண்மையான எழுத்துக்கோவையை ஸ்லைடு அவரிடமிருந்து மறைத்துவிடுகிறது. மாலையில் அவர் அதை எப்படித் தட்டச்சு செய்வார்?

இரண்டாவது இடறல் விகுதிகளில் இருக்கிறது, இது ஆங்கிலச் சொல்லோடு தொடர்பில்லாதது. பேச்சில் சொல்லிறுதி மெய்கள் தேய்ந்துவிடுவதால், "பண்ணா" என்ற ஒரே எழுத்துருவம் "பண்ணினால்" என்பதற்கும் "பண்ணினாள்" என்பதற்கும் "பண்ணினான்" என்பதற்கும் நிற்கிறது. பேசும்போது மூக்கொலியும் ஏற்ற இறக்கமும் வேறுபாட்டைக் காட்டிவிடும். திரையில் எதுவும் காட்டாது. "ஆட் பண்ணா கமிட் ஆகும்", "ஆட் பண்ணாம கமிட் ஆகாது" ஆகிய இரண்டையும் அடுத்தடுத்து வைத்து, கடைசி வரிசையிலிருந்து வாசிக்கச் சொல்லிப் பாருங்கள்: நிபந்தனையா எதிர்மறையா என்பதைத் தீர்மானிக்கும் வேறுபாடு ஒரே ஓர் எழுத்தில் தொங்குகிறது. தொழில்நுட்ப விளக்கத்தில் பாதி வாக்கியங்கள் "இப்படிச் செய்தால் இது நடக்கும்" என்ற வடிவத்தில் இருப்பதால், இந்தத் தேய்வு சரியாகத் தேவைப்படும் இடத்தில்தான் காலை வாருகிறது.

தமிழையும் ஆங்கில எழுத்தில் எழுதிவிடும் வாட்ஸ்அப் முறையை ஐந்தாவது வழியாகச் சொல்பவர்கள் உண்டு. ல, ள, ழ மூன்றும் ஒன்றாகி, குறில் நெடில் வேறுபாடும் ஆளுக்கு ஆள் மாறுவதால், நண்பருக்கு அனுப்பும் ஒரு வரிக்கு அது போதும், நூறு பேர் சேர்ந்து பார்க்கும் ஸ்லைடுக்குப் போதாது. அதை இதற்கு மேல் ஆராயத் தேவையில்லை.

நான்காவது வழி, பேச்சுத்தமிழைத் தமிழ் எழுத்திலும் கட்டளைச் சொற்களை அவற்றின் சொந்த எழுத்திலும் வைப்பது:

> `git add` பண்ணப்ப ஃபைல் எப்படி இருந்துச்சோ, அதுதான் `git commit`-ல போகும்.

முந்தைய மூன்றையும்விட இது மேல் என்பது என் கணிப்பு. தமிழை மெதுவாக வாசிப்பவருக்கு ஆங்கிலச் சொற்கள் நங்கூரமாகின்றன. ஆங்கிலத்தில் தயங்குபவருக்கு வாக்கியத்தின் ஓட்டம் தமிழில் கிடைக்கிறது. டெர்மினலில் தெரியும் சொல் எழுத்து மாறாமல் ஸ்லைடிலும் இருக்கிறது. "எப்படி இருந்துச்சோ, அதுதான் போகும்" என்ற அமைப்பு, இரண்டாவது வழியின் செயப்பாட்டு வாக்கியம் சுற்றி வளைத்துச் சொன்னதை நேராகச் சொல்கிறது. இங்கே `file` என்பதை ஆங்கில எழுத்தில் எழுதாமல் "ஃபைல்" என்று எழுதியிருப்பதைக் கவனிக்கலாம். மாணவர் தட்டச்சு செய்யும் சொல், திரையில் அவர் தேடிப் பிடிக்க வேண்டிய சொல், இவை மட்டும் ஆங்கில எழுத்தில். ஃபைல், லேப்டாப், பாஸ்வேர்டு போல ஏற்கெனவே தமிழ்ப் பேச்சில் குடியேறிவிட்டவை தமிழ் எழுத்தில். எல்லாவற்றையும் ஆங்கில எழுத்தில் வைத்தால், எந்தச் சொல் முக்கியம் என்று கண்ணுக்குச் சொல்லும் குறிப்பு அழிந்துவிடும்.

ஆனால் இந்த வாக்கியத்திலும் ஒரு குறை மிஞ்சியிருக்கிறது. "இருந்துச்சு" என்று எழுதியவர் எந்த ஊர்ப் பேச்சை எழுதினார்? வடமாவட்டத்து மாணவர் பலர் "இருந்துது" என்பார்கள். சென்னைப் பேச்சின் "வச்சிக்கினு" திருநெல்வேலி விடுதி மாணவருக்கு வேடிக்கை, அவருடைய பேச்சு இவருக்கு வேடிக்கை. எழுத்தில் வந்த பேச்சு யாரோ ஒருவரின் பேச்சாகத்தான் இருக்க முடியும். மாறாக, "இருந்ததோ" என்று எழுதினால் ஒவ்வொருவரும் அதைத் தன் ஊர் உச்சரிப்பில் மனத்துக்குள் வாசித்துக்கொள்கிறார்கள். பள்ளிக்கூடத்திலிருந்தே எழுத்தை அப்படித்தான் வாசித்துப் பழகியிருக்கிறோம். ஆகவே என் ஸ்லைடின் இறுதி வடிவம் இது:

> `git add` செய்தபோது ஃபைல் எப்படி இருந்ததோ, அதுதான் `git commit`-இல் போகும்.

சொல்லடுக்கும் ஓட்டமும் பேச்சிலிருந்து வந்தவை, விகுதிகள் எழுத்திலிருந்து வந்தவை. இதைத் திரையில் வைத்துவிட்டு, வாயால் "ஆட் பண்ணப்ப எப்படி இருந்துச்சோ அதாங்க போகும்" என்று சொன்னால் காதும் கண்ணும் மோதிக்கொள்வதில்லை. கட்டளையிடும் வாக்கியங்களிலும் இதே உத்தி ஒரு சங்கடத்தைத் தீர்க்கிறது. "பண்ணு" என்றால் ஒருமை சிலருக்கு உறுத்தும், "பண்ணுங்க" என்றால் ஒவ்வொரு வரியிலும் மரியாதை நீண்டுகொண்டே போகும். "செய்ய வேண்டும்" என்று எழுதிவிட்டு "பண்ணணும்" என்று வாசித்தால் இரண்டும் எழாது.

இந்த வழியில் எழுதுபவர் விழக்கூடிய பெரிய குழி வேறொன்று. தன் பேச்சின் ஓட்டத்திலேயே எழுத வருவதால், பேசப் போவதை முழுவதுமாக எழுதிவிடத் தோன்றும். கல்வி உளவியலாளர் ரிச்சர்ட் மேயர், படத்தோடு பேச்சும் வரும்போது அதே பேச்சைத் திரையில் எழுத்தாகவும் ஓட்டுவது பெரும்பாலும் கற்றலுக்கு இடையூறாகிறது என்று காட்டியிருக்கிறார். கேட்பவருக்குப் பழக்கமில்லாத மொழியாக இருந்தால் நிலைமை மாறலாம், பேச்சுத்தமிழ் இந்த மாணவர்களுக்கு அப்படியல்ல. மேலே உள்ள ஒரு வாக்கியமும், அதன் கீழ் `git status` காட்டும் வரிகளும் போதும். 45, 50 என்ற கதையைப் பேச்சுக்கு விட்டுவிட வேண்டும்.

எழுதும் முறையில் சில்லறைச் சிக்கல்கள் சில உண்டு. `commit`-இல், `branch`-க்கு என்று ஒட்டும்போது இடையில் சிறுகோடு இல்லாவிட்டால் இரண்டு எழுத்துருக்களும் முட்டிக்கொண்டு நிற்கும். சாதாரணச் சிறுகோடு போட்டால் வரி உடைந்து "இல்" மட்டும் அடுத்த வரியில் அநாதையாக விழக்கூடும். உடையாத சிறுகோடு U+2011 இதற்கென்றே இருக்கிறது, ஆனால் எல்லா எழுத்துருவிலும் அது இருக்காது. வாக்கியத்தைத் திருப்பிப்போட்டு அந்தச் சொல்லை வரியின் நடுவுக்குக் கொண்டுவருவது பல நேரம் எளிது. கட்டளையின் பின்னால் வாக்கிய முற்றுப்புள்ளி வைக்கவே கூடாது. `git add .` என்பதில் புள்ளி கட்டளையின் ஒரு பகுதி என்பதால், எங்கே கட்டளை முடிகிறது, எங்கே வாக்கியம் முடிகிறது என்பதைத் தொடக்கநிலை மாணவரால் பிரிக்க முடியாது. அத்தகைய கட்டளை தனி வரியில் நிற்கட்டும்.

தமிழில் மேலே புள்ளியும் கொக்கியும், கீழே உகரச் சுழிகளும் வருவதால், ஆங்கிலத்துக்குப் போதுமான வரி இடைவெளியில் அவை ஒன்றையொன்று தொடும். கொஞ்சம் கூட்டி வைக்க வேண்டும், அதனால் ஒரு ஸ்லைடில் அடங்கும் வரிகளும் குறையும். நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர் போன்ற எழுத்துருவைத் தேர்ந்தெடுத்தாலும், கல்லூரிக் கணினியில் அது இல்லாவிட்டால் பவர்பாயின்ட் வேறொன்றை வைத்துக்கொள்ளும், அப்போது வரிகள் நகர்ந்து கடைசி வரி பெட்டிக்கு வெளியே போகும். எழுத்துருவை உள்ளடக்கிய பிடிஎஃப் ஒன்றையும் கையில் வைத்திருப்பது பாதுகாப்பு. அந்த பிடிஎஃப்பில் தமிழ்ச் சொல்லைத் தேடினால் பல நேரம் கிடைக்காது, "கொ" போன்ற எழுத்துகள் உள்ளே துண்டு துண்டாகக் கிடக்கும். `commit` என்று தேடினால் கிடைக்கும். கட்டளைச் சொற்களைச் சொந்த எழுத்தில் வைத்ததற்கு இது எதிர்பாராத லாபம்.

தெலுங்கோ மலையாளமோ இந்தியோ பேசும் மாணவர்கள் கணிசமாக இருக்கும் அரங்கு சென்னையில் அரிதல்ல. அங்கே நான்காவது வழியின் மேன்மை செல்லாது. தமிழ் விகுதிகளை வாசிக்க முடியாதவருக்கு அந்த வாக்கியம் இரண்டு தெரிந்த சொற்கள் மிதக்கும் கோடு மட்டுமே. அதற்காக முதல் வழியின் நான்கு வரி ஆங்கிலத்துக்குத் திரும்பவும் வேண்டியதில்லை. வாக்கியத்தையே நீக்கிவிட்டு மூன்று பெட்டிகளை வரையலாம்: இடப்பக்கம் ஃபைல், நடுவில் `git add` எடுத்து வைத்தது, வலப்பக்கம் `HEAD`. பதிவுக்கு முன் பெட்டிகளில் 50, 45, 40 என்று இருக்கும். `git commit` கொடுத்த பின் 50, 45, 45 ஆகும். மாறியது வலப்பக்க எண் மட்டும் என்பதைக் காட்ட எந்த மொழியின் விகுதியும் வேண்டாம்.